வரிசையில் காத்திருக்காத வாசிப்பு

ஒரு திரைப்பட விமர்சனத்தை எழுதியவருக்குப் படம் பிடித்திருந்ததா, இல்லையா? நாலு வரி படித்தால் நமக்குத் தெரிந்துவிடும். இதையே கணினிக்குக் கற்றுக்கொடுக்கும் வேலைக்கு உரை வகைப்படுத்தல் என்று பெயர். எரிதம் அஞ்சலைப் பிரிப்பதும், புகார் மனுவைத் துறைவாரியாகத் தள்ளுவதும், செய்தியை விளையாட்டு, அரசியல் என்று அடுக்குவதும் இதே வேலைதான்.

இந்த வேலைக்குக் கிட்டத்தட்ட எல்லோரும் பழகிப் பார்க்கும் தரவு ஒன்று உண்டு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ மாஸும் உடன் பணியாற்றியவர்களும் 2011-இல் வெளியிட்ட ஐஎம்டிபி விமர்சனத் தொகுப்பு அது. மொத்தம் 50,000 ஆங்கில விமர்சனங்கள். பாதி பயிற்சிக்கு, பாதி தேர்வுக்கு. பத்துக்கு நான்கும் அதற்குக் கீழும் மதிப்பெண் போட்டவை ‘பிடிக்கவில்லை’. ஏழும் அதற்கு மேலும் போட்டவை ‘பிடித்தது’. நடுவில் நிற்பவை சேர்க்கப்படவில்லை. இரண்டு வகையும் சரிபாதி என்பதால், கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே 50 சதவீதம் சரியாக இருக்கும். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இந்த விமர்சனங்களை வாசிக்க இரண்டு வகை நரம்பியல் வலைகள் பல ஆண்டுகளாகப் போட்டியிட்டு வந்திருக்கின்றன. ஒன்று, சொல்லுக்குப் பின் சொல்லாக, முதலிலிருந்து கடைசிவரை நடந்தே போகும் ரெக்கரண்ட் வலை. இன்னொன்று, சிறு சிறு சொற்கூட்டங்களைத் தனித்தனியாக, ஒரே நேரத்தில் பார்க்கும் ஒற்றைப் பரிமாணக் கன்வல்யூஷன் வலை. எது வேகம், எது துல்லியம் என்ற கேள்விக்கு ‘கன்வல்யூஷன் வேகம், ரெக்கரண்ட் துல்லியம்’ என்ற ஒற்றைவரிப் பதிலே பரவலாகச் சொல்லப்படுகிறது. அதன் முதல் பாதி உண்மை. அது ஏன் உண்மை என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். இரண்டாம் பாதியை அப்படியே ஒத்துக்கொள்ள முடியாது.

முதலில் கன்வல்யூஷன் எப்படி வாசிக்கிறது என்று பார்ப்போம். கணினிக்குச் சொல் புரியாது, எண்தான் புரியும். ஆகவே ஒவ்வொரு சொல்லும் ஓர் எண்வரிசையாக மாற்றப்படுகிறது. நடைமுறையில் ஒரு சொல்லுக்கு 50, 128 அல்லது 300 எண்கள் இருக்கும். விளக்கத்துக்காக நாம் இரண்டே எண்கள் வைத்துக்கொள்வோம்: முதல் எண் பாராட்டைக் குறிக்கட்டும், இரண்டாவது மறுப்பை. ‘நன்றாக’ என்ற சொல் (1, 0). ‘இல்லை’ என்ற சொல் (0, 1). ‘படம்’, ‘இருந்தது’ இரண்டும் (0, 0).

இப்போது இரண்டு சொல் அகலமுள்ள ஒரு ஃபில்டரை எடுத்துக்கொள்வோம். அதற்கும் எண்கள் உண்டு: முதல் இடத்துக்கு (1, 0), இரண்டாம் இடத்துக்கு (0, 1). சொல்லின் எண்ணை ஃபில்டரின் எண்ணால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, கடைசியில் 1-ஐக் கழிக்கிறோம். விடை எதிர்மறையாக வந்தால் பூஜ்ஜியம் என்று எழுதிவிடுகிறோம். ‘படம் நன்றாக இல்லை’ என்ற வாக்கியத்தின் மேல் இந்த ஃபில்டரை நகர்த்திப் பாருங்கள். ‘படம் நன்றாக’ என்ற இடத்தில் கூட்டுத்தொகை 0, கழித்தால் −1, ஆகவே 0. ‘நன்றாக இல்லை’ என்ற இடத்தில் 1 கூட்டல் 1, கழித்தால் 1. ‘நன்றாக இருந்தது’ என்று வந்திருந்தால் 1 கூட்டல் 0, கழித்தால் 0. சொற்களைத் திருப்பி ‘இல்லை நன்றாக’ என்று போட்டாலும் விடை 0-தான். ஆக, இந்த ஃபில்டர் ‘நன்றாக இல்லை’ என்ற சேர்க்கைக்கு மட்டுமே, அந்த வரிசையில் வந்தால் மட்டுமே, கை தூக்குகிறது.

இந்த எண்களை யாரும் உட்கார்ந்து எழுதுவதில்லை. பயிற்சியின்போது, தவறு குறையும் திசையில் அவை தாமாகவே மாறி மாறி நிலைபெறுகின்றன. ‘ஒற்றைப் பரிமாணம்’ என்று சொல்வதற்குக் காரணம், ஃபில்டர் நகர்வது ஒரே திசையில் என்பதுதான். படங்களில் அது இடமும் வலமும் மேலும் கீழும் நகரும். உரையில் சொற்களின் வரிசையை ஒட்டி மட்டும் போகும். ஒரு சொல்லின் எல்லா எண்களையும் ஒரே பார்வையில் எடுத்துக்கொள்ளும்.

இப்படி ஒரு ஃபில்டர் இருந்தால் போதாது. கெராஸ் நூலகத்தோடு நெடுங்காலம் வந்த எடுத்துக்காட்டு நிரலில் 250 ஃபில்டர்கள், ஒவ்வொன்றும் மூன்று சொல் அகலம். ஒவ்வொரு விமர்சனமும் 400 சொல்லுக்கு வெட்டப்படுகிறது அல்லது நிரப்பப்படுகிறது. மூன்று சொல் அகலமுள்ள சாளரம் 400 சொற்களின் மேல் 398 இடங்களில் நிற்கும். ஆகவே ஒவ்வொரு ஃபில்டரும் 398 மதிப்பெண்கள் தரும். அவற்றில் மிகப் பெரியதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எல்லாம் விட்டுவிடுகிறார்கள். இந்தப் படிக்கு மேக்ஸ் பூலிங் என்று பெயர். 400 சொல் விமர்சனம் இப்போது 250 எண்களாகச் சுருங்கிவிட்டது. ஒவ்வோர் எண்ணும் ‘நான் தேடும் சொற்சேர்க்கை இந்த விமர்சனத்தில் எங்காவது இருந்ததா, எவ்வளவு அழுத்தமாக இருந்தது’ என்பதற்கான பதில். அந்த 250 பதில்களை வைத்துக் கடைசி அடுக்கு தீர்ப்புச் சொல்கிறது.

‘எங்காவது’ என்ற சொல்லைக் கவனியுங்கள். பலமும் பலவீனமும் அதில்தான் இருக்கின்றன. ‘நேர விரயம்’ என்ற சொற்சேர்க்கை விமர்சனத்தின் முதல் வரியில் இருந்தாலும் முன்னூறாவது சொல்லில் இருந்தாலும் கன்வல்யூஷன் வலைக்கு ஒன்றுதான். விமர்சனம் போன்ற உரைக்கு இது பெரிய வசதி. ஆனால் எங்கே இருந்தது என்பதே பொருளாக அமைந்துவிட்டால் அது தடுமாறும். ‘முதல் பாதி மோசம் இரண்டாம் பாதி அருமை’ என்பதையும், ‘முதல் பாதி அருமை இரண்டாம் பாதி மோசம்’ என்பதையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு சொல் சாளரத்தில் பார்த்தால் இரண்டு வாக்கியங்களிலும் ஐந்து சோடிகள். அவற்றில் நான்கு ஒன்றேதான். நடுவில் வரும் ‘மோசம் இரண்டாம்’, ‘அருமை இரண்டாம்’ என்ற பொருளற்ற சோடி மட்டுமே வேறு. சாளரத்தை மூன்று சொல்லாக்கினால் ‘முதல் பாதி மோசம்’ என்பது முழுதாக உள்ளே வந்துவிடும், குழப்பம் தீரும். ‘முதல் பாதி முழுக்கவே மோசம்’ என்று எழுதியிருந்தால் நான்கு வேண்டும். எழுதுகிறவர் எத்தனை சொல் தள்ளிப் போவார் என்று முன்கூட்டியே யாருக்கும் தெரியாது.

ரெக்கரண்ட் வலைக்கு இந்தக் கவலை கொள்கையளவில் இல்லை. அது ஒரு நினைவுக் குறிப்பை வைத்துக்கொண்டு நடக்கிறது. ஒரு சொல்லைப் படிக்கிறது, குறிப்பைத் திருத்துகிறது, அடுத்த சொல்லுக்குப் போகிறது. கடைசிச் சொல்லைத் தாண்டும்போது குறிப்பில் என்ன இருக்கிறதோ அதை வைத்துத் தீர்ப்பு. எளிய ரெக்கரண்ட் வலைகளில் பழைய சொற்களின் தாக்கம் விரைவில் தேய்ந்துபோகும். அதைச் சரிசெய்ய செப் ஹோக்ரைட்டரும் யூர்கன் ஷ்மிட்ஹூபரும் 1997-இல் கொண்டுவந்த அமைப்புதான் எல்எஸ்டிஎம். எதை மறக்க வேண்டும், எதைச் சேர்க்க வேண்டும், எதை வெளியே காட்ட வேண்டும் என்று முடிவுசெய்யும் வாயில்கள் அதற்குள் உண்டு. நான்கு தனித்தனிக் கணக்குகள் ஒவ்வொரு சொல்லுக்கும் நடக்கும்.

இரண்டு வலைகளையும் எழுதிப் பார்த்தால் வேறுபாடு ஓரிரு வரிகள்தான்:

```python
x = Embedding(5000, 50)(inp)

# கன்வல்யூஷன்
a = Conv1D(250, 3, activation="relu")(x)
a = GlobalMaxPooling1D()(a)

# ரெக்கரண்ட்
b = LSTM(64)(x)
```

இப்போது வேகத்துக்கு வருவோம். கன்வல்யூஷன் வேகமாக ஓடுவதற்குக் காரணம், அதற்குக் கணக்கு குறைவு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். மேலே உள்ள இரண்டையும் எண்ணிப் பார்த்துவிடலாம். ஒரு சொல்லுக்கு 50 எண்கள், சாளரம் மூன்று சொல், ஆகவே ஓர் இடத்தில் ஒரு ஃபில்டருக்கு 150 பெருக்கல்கள். 250 ஃபில்டர்கள், 398 இடங்கள். மொத்தம் 1,49,25,000 பெருக்கல்கள், அதாவது ஏறத்தாழ ஒன்றரைக் கோடி. எல்எஸ்டிஎம்முக்கு நினைவின் அளவு 64. ஒரு சொல்லைப் படிக்க, 50 எண்களும் பழைய நினைவின் 64 எண்களும் சேர்ந்து 114. அதை 64-ஆல் பெருக்கி, நான்கு கணக்குகளுக்கு நான்கால் பெருக்கினால் 29,184. 400 சொல்லுக்கு 1,16,73,600. அதாவது ஒரு கோடியே பதினேழு லட்சத்துக்கும் சற்றுக் குறைவு.

எல்எஸ்டிஎம்முக்குத்தான் கணக்கு குறைவு! கற்றுக்கொள்ள வேண்டிய எண்களும் அதில்தான் குறைவு: 29,440. கன்வல்யூஷன் அடுக்கில் 37,750. ஆனாலும் ஜிபியுவில் ஓடவிட்டால் கன்வல்யூஷன் முந்திக்கொண்டு போகும்.

வேலையின் அளவைக் காட்டிலும் அதைப் பங்குபோட முடிகிறதா என்பதே இங்கே வேகத்தைத் தீர்மானிக்கிறது. பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தும் முகாமை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு தாளின் மதிப்பெண் இன்னொரு தாளைச் சார்ந்ததில்லை. ஆகவே நூறு ஆசிரியர்கள் நூறு மேசையில் உட்கார்ந்தால் வேலை நூறில் ஒரு பங்கு நேரத்தில் முடியும். கன்வல்யூஷனின் 398 சாளரங்களும் அப்படிப்பட்ட தாள்கள். ஜிபியுவில் உள்ள ஆயிரக்கணக்கான சிறு கணக்கிகளும் ஒரே நேரத்தில் அவற்றைப் பிரித்து எடுத்துக்கொள்ளும். எல்எஸ்டிஎம்மில் அப்படி முடியாது. முப்பதாவது சொல்லைப் படிக்க இருபத்தொன்பதாவது சொல்லின் நினைவு கையில் இருந்தாக வேண்டும். ஒரு படிக்குள் இருக்கும் 29,184 பெருக்கல்களை வேண்டுமானால் பங்குபோடலாம். 400 படிகளைப் பங்குபோட முடியாது.

முழுப் பயிற்சியில் இது எவ்வளவு பெரிதாகிறது என்று பாருங்கள். 25,000 பயிற்சி விமர்சனங்களை 32, 32-ஆகப் பிரித்தால் 782 கட்டுகள். ஒரு கட்டில் உள்ள 32 விமர்சனங்களும் பக்கத்தில் பக்கத்தில் நடக்கும், அதில் சிக்கல் இல்லை. ஆனால் ஒவ்வொரு கட்டுக்கும் 400 படிகள். ஒருமுறை தரவு முழுவதையும் படித்து முடிக்க 3,12,800 படிகள், ஒன்றுக்குப் பின் ஒன்றாக. தவறைத் திருத்தத் திரும்பி வரும்போதும் அதே எண்ணிக்கை. இதில் ஜிபியு பெரும்பாலான நேரம் பாதி உறக்கத்தில்தான் இருக்கும், ஏனென்றால் ஒரு படிக்குள் அதற்குப் போதுமான வேலை இல்லை. கட்டை 256 ஆக்கினால் படிகள் 39,200 ஆகக் குறையும், இடைவெளியும் சுருங்கும். ஆகவே யாராவது ‘கன்வல்யூஷன் இத்தனை மடங்கு வேகம்’ என்று சொன்னால், எந்தக் கருவியில், எத்தனை எத்தனையாகக் கட்டி, எத்தனை சொல் நீளத்துக்கு என்று கேட்காமல் அந்த எண்ணை நம்பக் கூடாது.

கெராஸின் அந்தக் கன்வல்யூஷன் எடுத்துக்காட்டு நிரலின் தலைப்பில் அதன் ஆசிரியர்களே ஒரு குறிப்பு எழுதியிருந்தார்கள்: இரண்டு சுற்றுப் பயிற்சியில் 0.89 துல்லியம், ஒரு சுற்றுக்குச் சாதாரண இன்டெல் ஐ5 செயலியில் 90 வினாடி, டெஸ்லா கே40 ஜிபியுவில் 10 வினாடி. பழைய கருவிகள்தான். ஆனாலும் சாதாரண மேசைக் கணினியில் மூன்று நிமிடத்தில் 89 சதவீதம் என்பது சின்ன விஷயம் இல்லை.

வேகத்தை ஒப்பிடும்போது ஒரு பொறி இருக்கிறது. ரெக்கரண்ட் பக்கத்துக்கு அநியாயம் செய்கிற பொறி என்பதால் சொல்லியாக வேண்டும். என்விடியா ஜிபியுக்களில் எல்எஸ்டிஎம்முக்கென்றே நன்கு செதுக்கப்பட்ட விரைவு வழி ஒன்று உண்டு. கெராஸ் அந்த வழியைத் தானாகவே எடுத்துக்கொள்ளும், ஆனால் சில நிபந்தனைகள் சரியாக இருந்தால் மட்டும். `recurrent_dropout` என்ற அமைப்பைப் பூஜ்ஜியத்திலிருந்து மாற்றினாலோ, `activation`-ஐ வழக்கமான `tanh` தவிர வேறாக்கினாலோ அது சத்தமில்லாமல் பொதுவான மெதுவான வழிக்குப் போய்விடும். பிழைச்செய்தி வரும் என்று காத்திருக்க முடியாது. நேரம் மட்டும் பல மடங்கு கூடும். எல்எஸ்டிஎம் தாங்க முடியாத மெதுவாக ஓடினால் முதலில் இந்த இரண்டையும் பார்க்க வேண்டும்.

இதைவிட மோசமான பொறி துல்லியத்தில் இருக்கிறது. விமர்சனங்கள் ஒரே நீளத்தில் இருப்பதில்லை. 60 சொல் விமர்சனத்தை 400-க்கு நீட்ட 340 பூஜ்ஜியங்களைச் சேர்க்க வேண்டும். முன்னால் சேர்ப்பதா, பின்னால் சேர்ப்பதா? கன்வல்யூஷன் வலைக்குப் பெரிய வேறுபாடு இல்லை. பூஜ்ஜியங்கள் எங்கே இருந்தாலும் மிகப் பெரிய மதிப்பெண் சொற்கள் உள்ள இடத்திலிருந்தே வரும். எல்எஸ்டிஎம்முக்கோ இது உயிர்ப்பிரச்சினை. பின்னால் சேர்த்துவிட்டு அதைச் சொல்லாமல் விட்டால், அது அறுபது சொல்லைப் படித்துவிட்டு 340 வெற்றுப் படிகள் நடந்து, கடைசியில் நினைவில் ஏதும் மிஞ்சாமல் வந்து நிற்கும். அறிகுறி தெளிவாகத் தெரியும்: துல்லியம் 50 சதவீதத்தை ஒட்டியே கிடக்கும், இழப்பு என்ற எண் 0.693-ஐ விட்டு நகராது. 0.693 என்பது இரண்டின் இயல் மடக்கை. இரண்டு பக்கமும் சமவாய்ப்பு என்று சொல்லிக்கொண்டிருக்கும் வலையின் இழப்பு அதுதான். வலை எதையுமே கற்கவில்லை என்று பொருள்.

கெராஸின் `pad_sequences` எதுவும் சொல்லாவிட்டால் பூஜ்ஜியங்களை முன்னால்தான் சேர்க்கிறது, நீளமான உரையையும் முன்பக்கத்தில்தான் வெட்டுகிறது. எல்எஸ்டிஎம் தப்பிப்பது அதனால்தான். பின்னால் சேர்த்தால், `Embedding` அடுக்கில் `mask_zero=True` என்று சொல்லிவிட வேண்டும். அப்போது வெற்றுப் படிகள் கணக்கில் வராது, விரைவு வழியும் கெடாது. இன்னொன்றும் பாருங்கள்: ஐஎம்டிபி விமர்சனத்தின் சராசரி நீளம் 230 சொல்லுக்கு மேல். அதே கெராஸின் பழைய எல்எஸ்டிஎம் எடுத்துக்காட்டு கடைசி 80 சொற்களை மட்டுமே வைத்துக்கொண்டது. ஒன்றுக்கு 400 சொல்லும் இன்னொன்றுக்கு 80 சொல்லும் கொடுத்துவிட்டு இரண்டின் துல்லியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் அது ஒப்பீடே ஆகாது.

சரி, நேர்மையாக ஒப்பிட்டால் துல்லியம் யாருக்கு? கெராஸை உருவாக்கிய ஃபிரான்சுவா ஷோலே 2017-இல் எழுதிய நூலில் இதே ஐஎம்டிபி தரவில் இரண்டையும் ஓடவிட்டுப் பார்த்திருக்கிறார். ஏழு சொல் அகலமுள்ள கன்வல்யூஷன், பிறகு ஐந்து ஐந்தாகச் சுருக்கம், மீண்டும் ஏழு அகலக் கன்வல்யூஷன். இப்படி அடுக்கினால் இரண்டாம் அடுக்கின் ஒவ்வொரு சாளரமும் மூல உரையில் 41 சொற்களைப் பார்க்கும். அவருடைய முடிவு: துல்லியம் எல்எஸ்டிஎம்மைவிடச் சற்றுக் குறைவு, வேகம் செயலியிலும் ஜிபியுவிலும் அதிகம். ஒற்றைவரிப் பதில் இதையொட்டித்தான் பரவியிருக்க வேண்டும்.

ஆனால் அந்தச் ‘சற்றுக் குறைவு’ எதிலிருந்து வருகிறது என்று கேட்டால், வலையின் வடிவம் சொல்கிற கதை சிறியதாகிவிடுகிறது. 2014-இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் யூன் கிம், வாக்கியங்களை வகைப்படுத்த ஒரே ஒரு கன்வல்யூஷன் அடுக்குள்ள எளிய வலையை முன்வைத்தார். மூன்று, நான்கு, ஐந்து சொல் அகலங்களில் தலா 100 ஃபில்டர்கள், மேக்ஸ் பூலிங், முடிவடுக்கு. அவ்வளவுதான். 10,662 விமர்சன வாக்கியங்கள் கொண்ட தரவில், சொற்களின் எண்களை எதேச்சையாகத் தொடங்கிக் கற்கவிட்டபோது 76.1 சதவீதம் கிடைத்தது. கூகுள் செய்திகளின் பத்தாயிரம் கோடிச் சொற்களில் முன்பே பயிற்றுவிக்கப்பட்ட வேர்டு2வெக் எண்களைத் தொடக்கமாகக் கொடுத்தபோது, அவற்றைத் தொடாமல் வைத்தால் 81.0, மெல்லத் திருத்தவிட்டால் 81.5. வலையின் வடிவத்தில் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. சொற்களைப் பற்றி வெளியிலிருந்து வந்த அறிவு மட்டும் ஐந்து சதவீதப் புள்ளிகளைக் கூட்டியது. எல்எஸ்டிஎம்முக்கும் கன்வல்யூஷனுக்கும் இடையில் பேசப்படும் வேறுபாடு பெரும்பாலும் இதைவிடச் சிறியது.

இன்னும் சங்கடமான உண்மையும் உண்டு. கெராஸின் எல்எஸ்டிஎம் எடுத்துக்காட்டிலேயே அதன் ஆசிரியர்கள் எழுதி வைத்திருந்தார்கள்: இந்தத் தரவு எல்எஸ்டிஎம்முக்கு ஆதாயம் தரும் அளவுக்குப் பெரியதில்லை, சொற்களின் எண்ணிக்கையை எடைபோட்டு லாஜிஸ்டிக் ரிக்ரெஷன் செய்யும் பழைய முறையே போதும், அது மிக வேகமாகவும் இருக்கும் என்று. உண்மைதான். தரவை வெளியிட்ட 2011-ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே நரம்பியல் ஆழ்வலை எதுவும் இல்லாமல் 88.89 சதவீதம் வந்திருந்தது. 2012-இல் சிடா வாங்கும் கிறிஸ்டஃபர் மேனிங்கும் சொல்லையும் சொற்சோடிகளையும் எண்ணி, நேவ் பேய்ஸ் எடைகளோடு ஒரு நேர்கோட்டு வகைப்படுத்தியை வைத்து 91.22 எடுத்தார்கள். கன்வல்யூஷனா ரெக்கரண்டா என்று விவாதிக்கும் முன்பு இந்தப் பழைய முறையை ஓடவிட்டுப் பார்க்காதவர், எதை வென்றோம் என்று தெரியாமலேயே வெற்றி கொண்டாடுகிறார் என்பது என் கருத்து.

சொற்சோடியே இவ்வளவு தூரம் கொண்டுபோகிறதென்றால் அதிலிருந்து ஒன்று தெரிகிறது: திரை விமர்சனத்தில் தீர்ப்பு பெரும்பாலும் சின்னச் சொற்சேர்க்கைகளில் இருக்கிறது, அவற்றின் நெடுந்தொலைவு வரிசையில் இல்லை. அதனால்தான் கன்வல்யூஷன் இங்கே ஈடுகொடுக்கிறது. வென்பெங் யின், ஹின்ரிச் ஷூட்சே உள்ளிட்டோர் 2017-இல் பலவகை மொழி வேலைகளில் இரண்டு வலைகளையும் ஒப்பிட்டபோதும் இதே திசையில்தான் முடிவு வந்தது. முழு வாக்கியத்தின் ஓட்டத்தையும் புரிந்துகொண்டால்தான் விடை கிடைக்கும் என்ற இடத்தில் ரெக்கரண்ட் வலை முந்துகிறது. முக்கியச் சொற்றொடரைக் கண்டுபிடித்தால் போதும் என்ற இடத்தில் கன்வல்யூஷன். நினைவின் அளவு, கட்டின் அளவு போன்ற அமைப்புகளை மாற்றினாலே இரண்டின் முடிவுகளும் பெரிதாக ஏறி இறங்குகின்றன என்றும் அவர்கள் கண்டார்கள். ஒரே ஒருமுறை ஓடவிட்டு அரை சதவீத வேறுபாட்டை வைத்துத் தீர்ப்பெழுதுவதில் பயனில்லை என்பதற்கு இதுவே போதிய காரணம்.

உங்கள் கையில் உள்ள வேலை எந்த வகை என்று அறிய எளிய சோதனை ஒன்று செய்யலாம். பயிற்சி முடிந்த எல்எஸ்டிஎம்மை எடுத்துக்கொள்ளுங்கள். தேர்வு உரைகளை ஐந்து ஐந்து சொல் துண்டுகளாக வெட்டி, துண்டுகளைக் கலைத்து அடுக்கி, அதனிடம் கொடுங்கள். துல்லியம் ஏறக்குறைய அப்படியே நின்றால், அது நெடுந்தொலைவு வரிசையைப் பயன்படுத்தவே இல்லை. அந்த வேலைக்குக் கன்வல்யூஷன் போதும், காத்திருக்கும் நேரம் வீண். பெரிதாக விழுந்தால், வரிசையில் பொருள் இருக்கிறது. ‘இயக்குநரின் முந்தைய படம் அருமை, நடிகர்களும் திறமைசாலிகள், பாடல்களும் கேட்க இனிமை, இவ்வளவு இருந்தும் ஏன் இப்படி ஆனது என்று தெரியவில்லை’ என்று எழுதுகிறவர்கள் நிறைந்த தரவு அப்படி விழும். அங்கே பாராட்டுச் சொற்கள் வரிசையாக ஃபில்டர்களைத் தூண்டிவிடும், கடைசியில் வரும் திருப்பம் அவற்றை ரத்துசெய்கிறது என்பதை மேக்ஸ் பூலிங்கால் பார்க்க முடியாது.

கன்வல்யூஷன் வலையின் இன்னொரு குணத்தையும் சொல்ல வேண்டும்: சிறிய தரவில் அது மனப்பாடம் செய்துவிடும். ஐஎம்டிபியில் இரண்டு மூன்று சுற்றுக்குள் பயிற்சித் துல்லியம் 95-ஐத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும். சோதனைத் துல்லியம் 88, 89-இல் நின்றுவிடும். துல்லியத்தை மட்டும் பார்த்தால் நிற்பதாகத்தான் தெரியும். சோதனை இழப்பைப் பாருங்கள், அது ஏறத் தொடங்கியிருக்கும். வலை தவறாகச் சொல்வதையும் மேலும் மேலும் உறுதியாகச் சொல்லத் தொடங்கிவிட்டது என்று பொருள். அங்கேயே நிறுத்த வேண்டும்.

இந்தப் போட்டியில் ரெக்கரண்ட் பக்கத்துக்கு ஒரு பெரிய நாள் 2018-இல் வந்தது. ஜெரமி ஹோவர்டும் செபாஸ்டியன் ரூடரும் யுஎல்எம்ஃபிட் என்ற முறையை வெளியிட்டார்கள். எல்எஸ்டிஎம் வலை ஒன்றை முதலில் விக்கிப்பீடியாக் கட்டுரைகளில் அடுத்த சொல்லைக் கணிக்கப் பழக்கினார்கள், பிறகு ஐஎம்டிபி விமர்சனங்களில் அதே வேலை, அதற்குப் பின்புதான் பிடித்ததா இல்லையா என்ற கேள்வி. பிழை 4.6 சதவீதத்துக்கு இறங்கியது, அதாவது 95.4 சதவீதம் சரி. அதே ஆண்டில் வந்த பெர்ட், சொற்களை வரிசையில் நடக்கவிடாமல் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பார்க்கும் டிரான்ஸ்ஃபார்மர் அமைப்பில் அந்த வழியையே பெரிதாக்கியது. கிம்மின் ஐந்து புள்ளிகளையும் இதையும் சேர்த்துப் பாருங்கள். வேகம் வலையின் வடிவத்திலிருந்து வருகிறது, அதை மாற்ற முடியாது. துல்லியத்தின் பெரும்பங்கு அந்த வலை இந்த வேலைக்கு வருவதற்கு முன்பு எவ்வளவு மொழியைப் பார்த்திருக்கிறது என்பதிலிருந்து வருகிறது.

தமிழுக்கு இதைக் கொண்டுவரும்போது சாளரத்தின் அகலம் வேறு பொருள் பெறுகிறது. நம் மொழியில் மறுப்பு தனிச்சொல்லாக நிற்பதைவிட வினையோடு ஒட்டி நிற்பதே அதிகம்: ‘பிடிக்கவில்லை’, ‘ரசிக்கமுடியவில்லை’, ‘பார்க்காதீர்கள்’. ஆங்கிலத்தில் மூன்று சொல் சாளரம் பிடிப்பதை இங்கே ஒரே சொல் சுமந்து நிற்கிறது. அந்தச் சொல்லோ பயிற்சித் தரவில் ஒருமுறைகூட வராததாக இருக்கலாம். அப்போது சொல் அளவிலான வலை, கன்வல்யூஷனானாலும் எல்எஸ்டிஎம்மானாலும், அதை அறியாச் சொல் என்ற ஒரே எண்ணாக மாற்றிவிடும். ‘பிடித்திருந்தது’ என்பதும் ‘பிடித்திருக்கவில்லை’ என்பதும் அந்த இடத்தில் ஒன்றாகிவிடுகின்றன.

இதற்கு எழுத்து அளவில் கன்வல்யூஷன் செய்வது நல்ல வழி. ‘வில்லை’ என்ற ஈற்றைப் பிடிக்கும் ஃபில்டர், அது எந்த வினையின் வாலில் வந்தாலும் கை தூக்கும். ஆனால் அகலத்தை எண்ணும்போது கவனம் தேவை. ‘வில்லை’ நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் அது ஆறு குறிகள்: வ, இகரக் குறி, ல, புள்ளி, ல, ஐகாரக் குறி. மூன்று அகல ஃபில்டர் என்று ஆங்கில நிரலிலிருந்து அப்படியே எடுத்து வைத்தால் அது பார்ப்பது ‘வில’ மட்டும், மறுப்பின் பாதிகூட முழுதாக இல்லை. அகலத்தை ஆறுக்கு மேல் வைக்க வேண்டும், அல்லது உரையை முதலில் உயிர்மெய் எழுத்துகளாகப் பிரித்துவிட்டு, அவற்றை எண்ணாக்கி, மூன்று நான்கு அகலத்தில் ஓடவிட வேண்டும். இரண்டாவதைத்தான் நான் பரிந்துரைப்பேன். வரிசையின் நீளம் குறைகிறது, ஃபில்டர் எந்த எழுத்தையும் நடுவில் வெட்டுவதில்லை, எந்த ஈறுகளைக் கற்றுக்கொண்டது என்று பயிற்சிக்குப் பிறகு திறந்து பார்த்தாலும் மனிதக் கண்ணுக்குப் படிக்கும்படி இருக்கும்.